பந்தின் தோலும் நான்கு வட்டங்களும்

மார்கழிப் போயா முதல் வெசாக் வரை மஸ்கெலியா தூங்குவதில்லை. சீசன் காலத்தில் இரவிரவாக பஸ்கள் நல்லதண்ணிக்கு ஓடும். அங்கிருந்து யாத்திரிகர்கள் படியேறி, விடியும்போது சிவனொளிபாத மலை உச்சியில் நிற்பார்கள். உச்சியின் உயரம் 2,243 மீற்றர். மேகம் வழிவிட்டால் காலடியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரியும், மேற்கே தாழ்நிலம் தெரியும், அதற்கப்பால் கடல். பெரும்பாலும் மேகம் வழிவிடாது. அது வேறு கதை.

உச்சியில் நிற்கும் ஒருவரின் பார்வைக்குள் பூமியின் மேற்பரப்பில் எத்தனை சதுரக் கிலோமீற்றர் விழும்? கேள்வி எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பூமி தட்டையான பலகையல்ல. கண்ணுக்கு எட்டுவது உருண்டையிலிருந்து சீவி எடுத்த ஒரு மூடி போன்ற பகுதி, அதன் மேற்பரப்பு வளைந்தது. அதை அளக்க வழி கிடைத்துவிட்டால், சாதாரண தரப் பரீட்சைக்காக மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 4πr² எங்கிருந்து வருகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். கோளத்தை நடுவே வெட்டினால் கிடைப்பது πr² பரப்புள்ள பெருவட்டம். தோலின் பரப்பு அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. மூன்றரையோ நாலேகாலோ அல்லாமல், π ஒட்டிக்கொள்ளாத ஒரு முழு எண் ஏன் வரவேண்டும்?

ஒரு பந்தை மேசைமேல் வைத்து, மேசைக்குச் சமாந்தரமாக மெல்லிய துண்டுகளாக வெட்டுவதாக நினைத்துக்கொள்வோம். எல்லாத் துண்டும் ஒரே தடிப்பு. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தோலின் ஒரு வளையம் ஒட்டியிருக்கும். நடுவிலிருந்து வரும் வளையம் நீளமானது. ஆனால் அங்கே தோல் செங்குத்தாக நிற்பதால் வளையத்தின் அகலம் துண்டின் தடிப்பு அளவே. உச்சிக்கு அருகிலிருந்து வரும் வளையம் சுற்றளவில் சிறியது. ஆனால் அங்கே தோல் சரிந்து படுத்திருப்பதால், அதே தடிப்புக்குள் அதிக அகலமான தோல் அடங்குகிறது.

நீளத்தில் இழந்தது அகலத்தில் திரும்பக் கிடைக்கிறது. எவ்வளவு கிடைக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள பந்தை எடுத்து, 1 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுவோம். நடு வளையத்தின் சுற்றளவு 62.8 சென்ரிமீற்றர், அகலம் 0.1, பரப்பு 6.28 சதுர சென்ரிமீற்றர். இப்போது நடுவிலிருந்து 8 சென்ரிமீற்றர் மேலே போவோம். அங்கே வளையத்தின் ஆரை 6, சுற்றளவு 37.7. தோலின் சரிவினால் அகலம் 0.1 அல்ல, அதைப் பத்தில் ஆறின் தலைகீழால் பெருக்கியது, அதாவது 0.1 × 10/6 = 0.167. பெருக்கினால் மறுபடியும் 6.28.

அந்த 10/6 எப்படி வந்தது? பந்தின் மையத்திலிருந்து வளையத்துக்கு ஒரு கோடு இழுத்தால் அதன் நீளம் 10. அந்த இடத்திலிருந்து பந்தின் நடு அச்சுக்குக் கிடையாக உள்ள தூரம் 6. இவை இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். தோல் எந்த இடத்திலும் ஆரைக்குச் செங்குத்தாகவே கிடக்கும். ஆகவே தோலின் சரிவான அகலமும் துண்டின் நேர்த்தடிப்பும் சேர்ந்து உண்டாக்கும் குட்டி முக்கோணம், அந்தப் பெரிய முக்கோணத்தைக் கால் சுற்றுத் திருப்பிச் சுருக்கியதுதான். இரண்டிலும் விகிதம் ஒன்றே. வளையத்தின் ஆரை எந்த விகிதத்தில் குறைகிறதோ, தோலின் அகலம் அதே விகிதத்தில் கூடுகிறது. துண்டுகள் மெலிய மெலிய இந்தக் கணக்கு துல்லியமாகிறது.

எனவே எந்த உயரத்தில் வெட்டினாலும் சம தடிப்புள்ள துண்டுகளில் சம அளவு தோல்தான் இருக்கும். உருண்டையின் உச்சியிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை சீவி எடுத்த மூடியின் பரப்பு, பெருவட்டத்தின் சுற்றளவை அந்த ஆழத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும்: 2πR × ஆழம். முழுப் பந்துக்கு ஆழம் 2R. ஆகவே 4πR².

கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்தான். ஆனால் நான்கு ஏன் என்று கண்ணுக்குத் தெரிவது இன்னும் ஒரு படி தள்ளி. அந்தப் படியை எடுத்து வைத்தவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கூசில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ். மூடியின் உச்சியிலிருந்து அதன் விளிம்புக்கு ஒரு நூலை நேராக, பந்தைத் துளைத்துக்கொண்டு போவதுபோல், இழுத்துப் பிடியுங்கள். அந்த நீளத்தை ஆரையாக வைத்துத் தட்டையான ஒரு வட்டம் வரைந்தால், அதன் பரப்பும் வளைந்த மூடியின் பரப்பும் சமம் என்றார் அவர்.

இதைச் சரிபார்க்கச் சாதாரண தர வடிவகணிதமே போதும். உச்சி, விளிம்பிலுள்ள ஒரு புள்ளி, பந்தின் அடி ஆகிய மூன்றையும் இணைத்தால், அரைவட்டத்தில் அமையும் கோணம் என்பதால் விளிம்பில் செங்கோணம் வரும். விளிம்பிலிருந்து அச்சுக்குச் செங்குத்து இறக்கினால் வடிவொத்த முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றிலிருந்து நூலின் வர்க்கம் = ஆழம் × விட்டம் என்று வருகிறது. அதை π ஆல் பெருக்கிப் பாருங்கள், மூடியின் பரப்பேதான்.

இனி மூடியைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். அரைப்பந்து வரை வந்ததும் நூலின் நீளம் ஆரையைப்போல் √2 மடங்கு. வட்டத்தின் பரப்பு பெருவட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. முழுப் பந்தையும் மூடும்போது விளிம்பு அடிப்புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது, நூல் உச்சியிலிருந்து அடிவரை நீண்டு விட்டமாகிவிடுகிறது. ஆரை இரட்டித்த வட்டத்தின் பரப்பு நான்கு மடங்கு. நான்கு என்பது இரண்டின் வர்க்கம், அவ்வளவே.

மலையுச்சிக் கேள்விக்கும் இதே நூல் போதும். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். உச்சி கடல்மட்டத்துக்கு மேலே 2.243 கிலோமீற்றர் என்றால், அடிவான வட்டத்தின் தளம் மலைக்கு நேர்கீழுள்ள கடல்மட்டப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ அதே அளவு கீழே அமையும். ஆக மூடியின் ஆழம் 2.243. அதை விட்டமான 12,742 ஆல் பெருக்கினால் 28,580, வர்க்கமூலம் 169. நூலின் நீளம் 169 கிலோமீற்றர், பரப்பு சுமார் 89,800 சதுரக் கிலோமீற்றர். முழு இலங்கையின் பரப்பு 65,610. அதற்காக நாடு முழுவதும் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. மலை தீவின் தென்மேற்குப் பக்கம் நிற்பதால் மூடியில் கிட்டத்தட்டப் பாதி கடலில் விழுகிறது. அநுராதபுரமும் மட்டக்களப்பும் ஏறக்குறைய விளிம்பில் இருக்கின்றன, யாழ்ப்பாணம் வெகுதூரம் வெளியே. கிழக்கே பார்த்தால் பிதுருதலாகல போன்ற உயர்ந்த மலைகள் குறுக்கே நிற்கின்றன. காற்றில் ஒளி வளைவதால் அடிவானம் இந்தக் கணக்கைவிடச் சற்று விலகியிருக்கும்.

நூலை நேராக இழுக்காமல் தோலோடு ஒட்டிப் பிடித்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை வேறு வடிவில் எழுப்பியவர் இந்தியக் கணிதவியலாளர் இரண்டாம் பாஸ்கரர். அவருக்கு முன் 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லல்லர், கோளத்தின் மேற்பரப்பு என்பது பெருவட்டத்தின் பரப்பைச் சுற்றளவால் பெருக்கியது என்று சொல்லியிருந்தார். பரப்பை நீளத்தால் பெருக்கினால் பரப்பு வராது. 1 முழ ஆரையுள்ள பந்துக்குப் பெருவட்டத்தைப்போல் ஆறேகால் மடங்கும், 2 முழ ஆரையுள்ள பந்துக்குப் பன்னிரண்டரை மடங்கும் காட்டும் விதி எப்படிச் சரியாகும்? பாஸ்கரர் 1150இல் முடித்த சித்தாந்த சிரோமணியில் இதை மறுக்க ஒரு துணியை எடுத்தார்.

பந்தின் சுற்றளவில் பாதியை விட்டமாகக் கொண்டு வட்டமாகத் துணி வெட்ட வேண்டும். அதன் நடுவைப் பந்தின் உச்சியில் வைத்துப் போர்த்தினால், துணியின் விளிம்பு சரியாகப் பந்தின் இடுப்பைத் தொடும். அரைப்பந்து மூடிவிடும், ஆனால் விளிம்பில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். அந்தத் துணியின் பரப்பு பெருவட்டத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அரைப்பந்தின் தோல் அதைவிடக் குறைவு, ஆகவே முழுப்பந்தின் தோல் ஐந்து மடங்குக்கும் குறைவு. லல்லரின் விதி விழுந்துவிட்டது. சரியான விடையைத் துணி சொல்லாது. அளவு எதைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் சொல்லும். நேராகப் போகாமல் தோலோடு வளைந்து வந்த நூலை ஆரையாக எடுத்ததால் வந்த மிகுதிதான் அந்தச் சுருக்கம்.

பிறகு பாஸ்கரர் தன் விடைக்கு வந்தார். அவர் வெட்டியது நம்மைப்போல் கிடையாக அல்ல, நெல்லிக்காயில் இயற்கையாகவே ஓடும் கோடுகளைப்போல் உச்சியிலிருந்து அடிவரை. சுற்றளவு 96 உள்ள கோளத்தை 96 கீற்றுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கீற்றும் இடுப்பில் 1 அலகு அகலம், இரு முனையிலும் கூர். சைன் அட்டவணையைக் கொண்டு ஒரு கீற்றின் பரப்பைக் கூட்டியபோது சுமார் முப்பதரை வந்தது. அதே கோளத்தின் விட்டமும் அதுதான். கீற்றுக்கு ஒரு விட்டம், கீற்றுகளோ சுற்றளவின் எண்ணிக்கை. ஆகவே மொத்தப் பரப்பு சுற்றளவு × விட்டம். பெருவட்டத்தின் பரப்பு சுற்றளவு × விட்டத்தின் கால்பங்கு என்பதால், இதுவும் நான்கு மடங்கே. எண்களைக் கூட்டிக் கண்ட சமம் இது. குட்டி முக்கோணம் தரும் காரணம் இதில் இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது சாமர்த்தியம்தான்.

கையால் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு லயத்து வாசலில் கிடக்கும் பழைய டென்னிஸ் பந்து ஒன்று போதும். அதைப் பாதியாக வெட்டி, வெட்டுமுகத்தைக் கடதாசியில் வைத்து வட்டம் வரையுங்கள். ஒரு சணல் கயிற்றை நடுவிலிருந்து சுருளாகச் சுற்றி அந்த வட்டத்தை இடைவெளியில்லாமல் நிரப்புங்கள். பிறகு இன்னொரு துண்டுக் கயிற்றை அரைப்பந்தின்மேல் உச்சியிலிருந்து இடுப்புவரை அதேபோல் சுற்றுங்கள். இரண்டாவது கயிறு முதலாவதைப்போல் இரண்டு மடங்கு நீளம் வரவேண்டும்.

வராது. 4 மில்லிமீற்றர் கயிறாக இருந்தால் வட்டத்துக்கு 88 சென்ரிமீற்றர் போதும். அரைப்பந்துக்கோ 176க்குப் பதில் 198 வரை இழுக்கும், இரண்டேகால் மடங்கு. சூத்திரத்தில் பிழையில்லை. கயிறு பந்தின்மேல் ஏறி உட்காருவதால், அது உண்மையில் மூடுவது பந்தைவிட 2 மில்லிமீற்றர் கூடுதல் ஆரையுள்ள ஓர் உருண்டையை. 1 மில்லிமீற்றர் நூலுக்கு மாறினால் விகிதம் 2.06க்கு இறங்கிவிடும். தடித்த கயிறுதான் கையில் இருக்கிறதென்றால், கடதாசியிலுள்ள வட்டத்தின் ஆரையையும் கயிற்றின் பாதித் தடிப்பளவு கூட்டி வரைந்துகொண்டு சுற்ற வேண்டும்.