தவறை ஒப்புக்கொண்டு எழுதுவது எப்படி? கிட்லேப் காட்டிய வழி

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைத்து, பலராகச் சேர்ந்து வேலை செய்ய இடம் தரும் நிறுவனம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று இரவு அதன் தகவல் தளம் தடுமாறிக்கொண்டிருந்தது. அந்தத் தளம் இரண்டு சர்வர்களில் இருந்தது. ஒன்று முதன்மை சர்வர். மற்றொன்று அதன் நகலைத் தாங்கி நிற்கும் துணை சர்வர். துணை சர்வர் பின்தங்கிப் போனதால், அதிலிருந்த பழைய தகவலை அழித்துவிட்டுப் புதிதாக நகல் எடுக்க ஒரு பொறியாளர் முடிவு செய்தார். அழிக்கும் கட்டளையையும் கொடுத்தார். அந்தக் கட்டளை துணை சர்வரில் ஓடவில்லை, முதன்மை சர்வரில் ஓடியது. ஓரிரு விநாடிகளில் தவறு புரிந்து அவர் நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபி தகவலில் மிஞ்சியது ஏறத்தாழ 4.5 ஜிபி மட்டுமே.

அடுத்து வெளிவந்தது அதைவிட மோசமான உண்மை. காப்பு நகல் எடுக்க ஏற்பாடு செய்திருந்த வழிகளில் எதுவுமே சரியாக இயங்கியிருக்கவில்லை. தினசரி நகல் எடுக்கும் நிரல், தகவல் தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களையோ, உரிய கையொப்பம் இல்லை என்று பெறும் சர்வர் நிராகரித்துவிட்டது. நகல் சேர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது யாருக்குமே தெரியவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. சேவை திரும்ப ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தகவல் திரும்பவே இல்லை.

வாடிக்கையாளர் கொதித்து எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே தொழிலில் இருக்கும் ஏராளமானோர் ஆறுதல் சொல்லி எழுதினார்கள். அந்த மரியாதையை கிட்லேப்புக்குப் பெற்றுத் தந்தது, அது தன் தவறைச் சொன்ன விதம்.

அவர்கள் சொன்ன விதம்

மீட்பு வேலை நடக்கும்போதே, தங்கள் பணிக்குறிப்புகளை யாரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். மறுநாளே ஒரு பதிவு வந்தது. பிப்ரவரி 10 அன்று முழு விசாரணை அறிக்கையும் வெளியானது.

இழப்பின் அளவை அவர்கள் மழுப்பவில்லை. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எழுதினார்கள். சேமித்து வைத்த நிரல்கள் அழியவில்லை என்பதையும் தனியே தெளிவுபடுத்தினார்கள். எது போயிற்று, எது போகவில்லை என்று தெரிந்தால்தான் வாடிக்கையாளர் தன் அடுத்த வேலையைப் பார்க்க முடியும்.

அந்த அறிக்கையில் பொறியாளரின் பெயர் இல்லை. கட்டளை கொடுத்தது ஒரு கை. ஆனால் காப்பு நகலைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படாதது நிறுவனத்தின் குறை. ஏன் அழிந்தது, ஏன் மீட்க முடியவில்லை, ஏன் நகல் இல்லை, ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேள்விமேல் கேள்வி கேட்டு அந்தக் குறை வரைக்கும் போனார்கள். தலைமை நிர்வாகி தம் பெயரில் மன்னிப்புக் கேட்டார். இனி செய்யப்போகும் திருத்தங்களும் பட்டியலாக வந்தன.

மன்னிப்பு எடுபடாத இடம்

இதற்கு நேர்மாறான பாடம் நெட்ஃபிளிக்ஸிடம் இருக்கிறது. 2011 ஜூலையில் அந்த நிறுவனம், டிவிடி வாடகையும் இணையவழிப் படமும் சேர்ந்த 9.99 டாலர் மாதத் திட்டத்தை இரண்டாகப் பிரித்தது. இரண்டும் வேண்டுமென்றால் 15.98 டாலர். வாடிக்கையாளர் கொந்தளித்தார்கள். செப்டம்பரில் தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ், தாம் தவறு செய்துவிட்டதாக முதல் வரியிலேயே எழுதினார். ஆனால் விலை குறையவில்லை. விளக்கம் போதவில்லை என்பதற்குத்தான் வருத்தம் தெரிவித்தார். அதே கடிதத்தில், டிவிடி சேவை க்விக்ஸ்டர் என்ற தனி நிறுவனமாகப் போகும் என்றும் அறிவித்தார். வாடிக்கையாளருக்கு அது இரண்டாவது தொந்தரவு. மூன்று வாரத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. செப்டம்பரில் முடிந்த காலாண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் வெளியேறினார்கள்.

எதற்காகக் கோபம் வந்ததோ அதைத் தொடாமல் வேறொன்றுக்கு மன்னிப்புக் கேட்டால், அது கோபத்தைக் கூட்டவே செய்யும்.

ஐந்து பகுதிகள்

கிட்லேப் செய்ததைச் சிறு கடைக்காரரும் பின்பற்றலாம். கற்பனையாக ஒரு இனிப்புக் கடையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தின நாள் சேர வேண்டிய 60 பெட்டிகள் பண்டிகை முடிந்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் இப்படி எழுதலாம்:

1. நடந்தது: "தீபாவளிக்கு முந்தின நாள் தருவதாகச் சொன்ன 60 பெட்டிகளை, பண்டிகை முடிந்த மறுநாள்தான் கொடுத்தோம்."

2. பொறுப்பு: "விருந்தினருக்குக் கொடுக்க இனிப்பு இல்லாமல் நீங்கள் சங்கடப்பட்டீர்கள். இது எங்கள் தவறு. மன்னியுங்கள்."

3. காரணம்: "எங்களால் ஒரு நாளில் 100 பெட்டிதான் கட்ட முடியும். 160 ஆர்டர் எடுத்துவிட்டோம்."

4. ஈடு: "60 பேருக்கும் முழுப் பணத்தையும் நேற்றே திருப்பி அனுப்பிவிட்டோம். வராதவர்கள் கடை எண்ணுக்கு அழையுங்கள்."

5. மாற்றம்: "பொங்கல் முதல் ஒரு நாளைக்கு 100 ஆர்டர் ஆனதும் நிறுத்திக்கொள்வோம்."

எழுதி முடித்ததும் கழிக்க வேண்டியவை சில உண்டு. "உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்பதில் உள்ள அந்த "இருந்தால்" வாடிக்கையாளரின் சிரமத்தையே சந்தேகிக்கிறது. "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதினால், தவறு தானாக வந்ததுபோல் ஆகிவிடும். "தவறு செய்துவிட்டோம்" என்று எழுத வேண்டும். "கூரியர்காரர் தாமதம், மழை, புதுப் பையன்" என்று பழி போடும் வரிகள் இரண்டாம் பகுதியையே அழித்துவிடும். கடிதத்தின் கடைசியில் புதுச் சலுகையை விளம்பரம் செய்வதும் அப்படித்தான்.

எங்கே எல்லை?

ஒரே ஒருவருக்கு நடந்த தவறை ஊரறிய எழுத வேண்டியதில்லை. அவரை நேரில் அழைத்துப் பேசுவதே மரியாதை. யாருக்காவது உடல்நலக் கேடு ஏற்பட்டிருந்தால், முதலில் அவர்களுக்கு உதவியும் எச்சரிக்கையும் போக வேண்டும். காரணத்தை விரிவாக எழுதுமுன் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. காரணம் இன்னும் தெரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லி, மீதியை எந்த நாளில் சொல்வீர்கள் என்று குறிப்பிட்டு, அந்த நாளில் சொல்லுங்கள்.

ஐந்தாம் பகுதி ஒரு வாக்குறுதி. பொங்கலுக்கு நூற்றியோராவது ஆர்டர் வரும்போது கடைக்காரர் மறுக்க வேண்டியிருக்கும், கண்முன் வரும் வருமானத்தை விட வேண்டியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் தாமதித்தால், அடுத்த கடிதம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். மறுத்துவிட்டால், சொன்னபடி நடந்தது என்று இரண்டு வரி எழுதிப் பழைய கடிதத்துக்குக் கீழே சேர்த்துவிடலாம்.