பத்தாயிரமா, பதினெட்டாயிரமா?

18,000 ரூபாய் வாஷிங் மெஷின் ஆறே மாதத்தில் பழுது. கடைக்காரர் 10,000 தருகிறேன் என்கிறார். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் வாய்தாவுக்கு நாலு நாள் அலைந்தால், 800 ரூபாய் தினக்கூலிக்காரருக்கு 3,200 போகும். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் வழக்கு இழுப்பதே வழக்கம்.

ஜெயிக்கும் வாய்ப்பு பத்துக்கு ஆறு என்றால் புகாரின் மதிப்பு 10,800. செலவு போக 7,600. பேசி முடிப்பதே லாபம். பில்லும் மெக்கானிக்கின் எழுத்துபூர்வ அறிக்கையும் இருந்து வாய்ப்பு ஒன்பதானால் கணக்கு 13,000 ஆகும். அப்போது புகார் கொடுக்கலாம். கடையே மூடும் நிலையிலிருந்தால் தீர்ப்பு வெறும் காகிதம்தான். கிடைப்பதை வாங்கிக்கொள்வது நல்லது. பேச்சு நீள்கிறதே என்று இரண்டாண்டுக் காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது.