மாலை 7 மணி ஜிம்மில் எதைத் தொடுவது?

கூட்ட நேரத்தில் தயங்கி நிற்கும் புதியவருக்கு முதல் வாரம் மெஷினே நல்லது. எடை போகும் பாதையை அதுவே பிடித்துக்கொள்ளும். செஸ்ட் பிரஸ்ஸில் கைப்பிடி நடுமார்பு உயரத்தில் இருக்கட்டும். தோளுக்கு நேராக வந்தால் இருக்கையை உயர்த்துங்கள். முன்னால் இருந்தவர் செருகிய பின்னை மாற்றாமல் தள்ளுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. 10 முறை தள்ளியபின் இன்னும் இரண்டு முடியும் என்று தோன்றினால் எடை சரி. ஆறாவதிலேயே முதுகு சாய்மானத்தை விட்டு எழும்பினால் ஒரு தட்டு குறையுங்கள்.

கேபிளில் எண்ணை நம்பாதீர்கள். கப்பி அமைப்பைப் பொறுத்து, 20 கிலோ என்று எழுதியிருப்பது கையில் 10 கிலோவாகவே இருக்கலாம்.

மெஷின் காலியாகவில்லையா? சின்ன டம்பெல் ஒன்றை நெஞ்சோடு அணைத்து, பெஞ்சில் உட்கார்ந்து எழுங்கள். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். பார்பெல்லை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.