தோட்டா புதைந்த மரக்கட்டை

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் திணறும் மாணவனுக்கு அவனுடைய டியூஷன் ஆசிரியர் அனுப்பிய பதில் இது:

"தம்பி, கயிற்றில் தொங்கும் மரக்கட்டையில் தோட்டா பாய்ந்து புதைகிறது. கட்டை எவ்வளவு உயரும் என்பதுதான் கேள்வி. தோட்டாவின் 450 ஜூல் இயக்க ஆற்றல் முழுவதையும் உயரமாக மாற்றிவிட்டாய். விடை 15 மீட்டர் என்று வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

கணக்கை இரண்டாக வெட்டு. தோட்டா புதையும் கணத்தில் மரம் கிழிகிறது, சூடாகிறது. அதில் எவ்வளவு ஆற்றல் போனதென்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் கயிறு அப்போது நேராகத் தொங்குவதால், கிடைமட்டத்தில் வெளிவிசை இல்லை. ஆகவே உந்தம் மாறாது. நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்த 10 கிராம் தோட்டாவும் கட்டையும் சேர்ந்து 3 கிலோ. கிளம்பும் வேகம் நொடிக்கு 1 மீட்டர்.

கட்டை மேலே ஏறும்போது நிலைமை தலைகீழ். கயிறு பக்கவாட்டில் இழுப்பதால் உந்தம் நிலைக்காது. ஆனால் அந்த இழுவிசை எப்போதும் பாதைக்குச் செங்குத்து. அது வேலை செய்யாது. இங்கே ஆற்றல் சமன்பாட்டைப் போடு. உயரம் சுமார் 5 சென்டிமீட்டர். 450 ஜூலில் மிஞ்சியது ஒன்றரை ஜூல்தான்!

1742-ல் வெளியான தன் நூலில், இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் இத்தகைய ஊசலை வைத்தே துப்பாக்கிக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார்."