பூனை கதவைத் திறக்குமா?

"கதவைத் திறந்து பூனை ஓடியது." ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் இப்படி ஒரு தொடர் இருந்தால் ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழிப்பார். எழுதியவர் சொல்ல நினைத்தது, யாரோ கதவைத் திறந்தார்கள், உடனே பூனை ஓடியது என்பதுதான். எழுத்தில் வந்திருப்பதோ பூனையே தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்த கதை. 'திறந்து' என்பதை எடுத்துவிட்டுத் 'திறந்ததும்' என்று போட்டால் தொடர் சரியாகிவிடும். இரண்டு சொற்களுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஒன்று பூனையைத் திறந்தவராக்குகிறது, மற்றொன்று ஆக்கவில்லை. தமிழில் தொடர்களை இணைக்கும் வேலை எங்கே நடக்கிறது என்பதை இந்தச் சின்ன வேறுபாடு காட்டிவிடுகிறது.

பள்ளி இலக்கணம் தொடர்களை அமைப்பின்படி மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு பயனிலையோடு முடிவது தனிநிலைத் தொடர். "கண்மாய் நிறைந்தது" என்பது அப்படிப்பட்டது. "கண்மாயும் குளமும் ஊருணியும் நிறைந்தன" என்பதும் அதே வகைதான். எழுவாய் மூன்றானாலும் பயனிலை ஒன்றே. முழுமையான வினைகள் ஒன்றுக்கு மேல் அடுத்தடுத்து நின்றால் அது தொடர்நிலைத் தொடர். "மழை பெய்தது, எனவே கண்மாய் நிறைந்தது." ஒரு முதன்மைத் தொடரோடு, தன்னளவில் முடியாத துணைத் தொடர் ஒன்றோ பலவோ சேர்ந்து வந்தால் அது கலவைத் தொடர். "மழை பெய்ததால் கண்மாய் நிறைந்தது." தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்றும் இவற்றைச் சொல்வார்கள்.

தொடர்நிலைத் தொடரில் இணைப்புச் சொல் வெளியே நிற்கிறது. எனவே, ஆகவே, ஆனால், ஆகையால், மேலும் ஆகியவை இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை எடுத்துவிட்டாலும் இருபுறமும் முழுத் தொடர்களாகவே நிற்கும். 'பெய்தது', 'நிறைந்தது' இரண்டும் வினைமுற்றுகள்.

இங்கே ஒரு தடை உண்டு. பெயர்களை இணைக்க நாள்தோறும் பயன்படும் 'உம்' என்ற இடைச்சொல், இரண்டு வினைமுற்றுகளை அதே முறையில் இணைக்காது. மழை பெய்தது, காற்று வீசியது என்ற இரண்டையும் சேர்க்க விரும்பி வினைகளில் உம்மையை ஒட்டினால் "மழை பெய்ததும் காற்று வீசியதும்" என்று வரும். தொடர் முடியாமல் தொங்குகிறது. 'பெய்ததும்' என்பதற்குப் 'பெய்தவுடன்' என்ற வேறு பொருளும் வந்துவிடுகிறது. இந்தத் தடையைத் தமிழ் தாண்டும் விதம் அழகானது. உம்மை வினையை விட்டுப் பெயருக்கு நகர்கிறது: "மழையும் பெய்தது; காற்றும் வீசியது." இணைக்கப்படுவது இரண்டு நிகழ்ச்சிகள், அடையாளம் விழுவதோ எழுவாய்களின் மேல்.

கலவைத் தொடரில் கதை வேறு. இணைப்பு தனிச் சொல்லாக நிற்பதில்லை. முதல் பகுதியின் வினைக்குள்ளேயே, அதன் கடைசியில் இருக்கிறது. பெய்து, பெய்ய, பெய்தால், பெய்ததால், பெய்தும், பெய்தபோது. ஒரே வேர்ச்சொல் தன் வாலை மாற்றிக்கொண்டு காரணம், நிபந்தனை, முரண், காலம் என ஒவ்வொரு உறவையும் சொல்கிறது. வினைமுற்றாக முடிந்திருக்க வேண்டிய வினை இப்படி எச்சமாக மாறியதால், வாசிப்பவர் அடுத்த வினைக்காகக் காத்திருக்கிறார். தொடரை முடித்துவைப்பது கடைசியில் வரும் ஒரே வினைமுற்றுதான்.

இந்த எச்சங்களில் அதிகம் புழங்குவதும் அதிகம் தவறுவதும் 'செய்து' என்ற வாய்பாட்டில் வருபவை. போய், வந்து, திறந்து, வாங்கி எல்லாம் இவ்வகை. இவற்றுக்கான விதியைத் தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் சொல்கிறது. எச்ச வினையைச் செய்பவரும் முடிக்கும் வினையைச் செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். "அம்மா கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்தார்." போனவர், வாங்கியவர், வந்தவர் மூவரும் அம்மாதான். அதனால்தான் "கதவைத் திறந்து" என்று படித்ததும் மனம் திறந்தவரைத் தொடரின் முடிவில் தேடுகிறது. அங்கே பூனை நிற்கிறது.

அப்படியானால் "தலை சுற்றி விழுந்தான்" என்பது எப்படிச் சரி? சுற்றியது தலை, விழுந்தது அவன். இதற்கும் தொல்காப்பியம் இடம் வைத்திருக்கிறது. தலை, கை, கால் போன்ற உறுப்பின் வினை, அந்த உறுப்புக்கு உரியவரின் வினையோடு முடியலாம். தலை அவனுடையது என்பதால் இரண்டும் ஒரே ஆளைச் சேர்ந்த வினைகளாகவே கொள்ளப்படும்.

இன்னொரு விலக்கும் வழக்கில் உண்டு. "மழை பெய்து கண்மாய் நிறைந்தது" என்று யாரும் தயங்காமல் எழுதுகிறோம். இங்கே செய்பவர்கள் வேறு. முதல் நிகழ்ச்சி தானாக நடந்து, இரண்டாவதற்கு நேரடிக் காரணமாகிறது. 'பெய்து' என்பது 'பெய்ததால்' என்ற பொருளில் வந்திருப்பதாக இலக்கண நூலார் விளக்குவார்கள். "பேருந்து மோதி இருவர் காயம்" என்ற செய்தித் தலைப்பும் இதே வகைதான்.

"கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தது", "கரையை உடைத்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தது" என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எல்லைக்கோடு தெளிவாகும். முதலாவதில் கரை தானாக உடைந்தது, அதன் விளைவாகத் தண்ணீர் புகுந்தது. இரண்டாவதில் 'உடைத்து' என்ற வினைக்கு அதைச் செய்த ஒருவர் தேவை. தொடர் அந்தப் பொறுப்பைத் தண்ணீரிடமே கொடுக்கிறது. கரையை வெட்டிவிட்டது ஓர் ஆள் என்றால் இரண்டாம் தொடர் பொய் சொல்கிறது. "கரையை யாரோ உடைத்ததால்" என்றுதான் எழுத வேண்டும். ஆல், போது, உடன் ஆகியவற்றில் முடியும் துணைத் தொடர்கள் தமக்கென்று தனி எழுவாயை வைத்துக்கொள்ளும். செய்பவர் மாறும் இடத்தில் அவையே கைகொடுக்கும்.

இனி ஒரு பயிற்சி. இதோ நான்கு தனிநிலைத் தொடர்கள்: இரவு முழுவதும் மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. ஊர்க்காரர்கள் மடையைத் திறந்தார்கள். கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை.

தொடர்நிலைத் தொடராக்க வினைகளைத் தொட வேண்டியதில்லை. "இரவு முழுவதும் மழை பெய்தது, எனவே கண்மாய் நிறைந்தது, ஊர்க்காரர்கள் மடையைத் திறந்தார்கள், ஆனால் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை." நான்கு செய்திகளும் சம எடையோடு நிற்கின்றன.

கலவைத் தொடராக்கும்போது முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: வாசகரிடம் போய்ச் சேர வேண்டிய முதன்மைச் செய்தி எது? தண்ணீர் எட்டாததுதான் செய்தி என்றால் அது வினைமுற்றாகக் கடைசியில் நிற்கும். மற்றவை எச்சங்களாக முன்னால் வரும். மழை பெய்ததைப் பெயரெச்சமாக்கலாம்: "இரவு முழுவதும் பெய்த மழையில்." நிறைந்தது காரணமாகிறது: "கண்மாய் நிறைந்ததால்." திறந்ததற்கும் எட்டாததற்கும் இடையே இருப்பது முரண். அதைச் சொல்வது 'திறந்தும்' என்ற வடிவம். சேர்த்தால் இப்படி வரும்: "இரவு முழுவதும் பெய்த மழையில் கண்மாய் நிறைந்ததால் ஊர்க்காரர்கள் மடையைத் திறந்தும் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை."

இலக்கணப்படி பிழை இல்லை, ஆனால் நெரிசல் இருக்கிறது. 'நிறைந்ததால்' என்ற காரணம் திறந்ததற்கா, எட்டாததற்கா என்று ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. காரணமும் முரணும் அடுத்தடுத்து வரும் இடத்தில் இந்தத் தடுமாற்றம் நேரும். இரண்டாக வெட்டினால் தீர்ந்துவிடும்: "இரவு முழுவதும் பெய்த மழையில் கண்மாய் நிறைந்ததால் ஊர்க்காரர்கள் மடையைத் திறந்தார்கள். ஆனாலும் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை."

தேர்வில் இதற்கு எதிர்த்திசையிலும் கேள்வி வரும். கலவைத் தொடரைத் தனித் தொடர்களாகப் பிரிக்கச் சொல்வார்கள். எச்சத்தைக் கண்டுபிடித்து வினைமுற்றாக்கினால் போதும் என்று தோன்றும். காலத்தைக் கவனிக்காவிட்டால் அங்கேதான் மதிப்பெண் போகும். "அம்மா கடைக்குப் போய் அரிசி வாங்குவார்" என்ற தொடரைப் பிரித்து, "அம்மா கடைக்குப் போனார். அரிசி வாங்குவார்" என்று எழுதுபவர்கள் உண்டு. 'போய்' என்பதன் தோற்றம் இறந்தகாலத்தை நினைவூட்டுவதால் வரும் பிழை இது. அது காட்டுவது, வாங்குவதற்கு முன் போவது என்ற வரிசையை மட்டுமே. காலத்தை முடிக்கும் வினையிடமிருந்து அது கடன் வாங்குகிறது. ஆகவே, "அம்மா கடைக்குப் போவார். அரிசி வாங்குவார்" என்பதே சரி. 'நிறைந்ததால்' போன்றவை அப்படி அல்ல. அவற்றுக்குள்ளேயே காலம் இருக்கிறது. "கண்மாய் நிறைந்ததால் நாளை மடையைத் திறப்பார்கள்" என்பதைப் பிரித்தால் "கண்மாய் நிறைந்தது. எனவே நாளை மடையைத் திறப்பார்கள்" என்று இரண்டு காலங்களும் அப்படியே நிற்கும்.

'என்று' என்ற இணைப்பையும் தனியாகக் கவனிக்க வேண்டும். "மடையைத் திறந்துவிட்டார்கள் என்று தாத்தா சொன்னார்." இதில் 'திறந்துவிட்டார்கள்', 'சொன்னார்' என வினைமுற்றுகள் இரண்டு. எண்ணிப் பார்த்துவிட்டு இதைத் தொடர்நிலைத் தொடர் என்று குறித்தால் தவறு. ஒருவர் சொன்னதையோ நினைத்ததையோ சிதைக்காமல் உள்ளே எடுத்துக்கொள்வது 'என்று' என்பதன் வேலை. அதனால் உள்ளே இருக்கும் தொடரின் வினைமுற்றை அது எச்சமாக்குவதில்லை. ஆனாலும் அந்த முழுத் தொடர், 'எதைச் சொன்னார்?' என்ற கேள்விக்கு விடையாக முதன்மைத் தொடருக்குள் அடங்கி நிற்கிறது. எனவே இது கலவைத் தொடர்.

பிரிக்கவே முடியாதவையும் இருக்கின்றன. "மழை பெய்தால் கண்மாய் நிறையும்" என்பதை "மழை பெய்யும். கண்மாய் நிறையும்" என்று வெட்டினால் நிபந்தனை காணாமல் போய், மழை வருவது உறுதி என்றாகிவிடுகிறது. 'பெய்தால்' என்பது நடந்த நிகழ்ச்சியையும் சொல்லவில்லை, நடக்கப்போவதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த 'ஆல்' உருபு சொல்லும் ஐயத்தை எந்த வினைமுற்றும் தனியாகச் சொல்லாது. இத்தகைய தொடரைக் கட்டாயம் பிரித்தாக வேண்டும் என்றால் "மழை பெய்யலாம், அப்படிப் பெய்தால் கண்மாய் நிறையும்" என்றுதான் எழுத முடிகிறது. அங்கேயும் 'பெய்தால்' போகவில்லை, இரண்டாம் பகுதிக்கு இடம் மாறியிருக்கிறது.