ஒரே கோடா, இரண்டு கோடுகளா?

வருமானம் கூடினால் செலவும் கூடும். ஆனால் கூடிய பணம் முழுவதும் செலவாகிவிடாது. 1936இல் கெய்ன்ஸ் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். நாட்டு மக்களின் மொத்த வருமானத்தைக் கிடையச்சிலும் செலவைச் செங்குத்தச்சிலும் குறித்து, புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு போட்டால் கிடைப்பதுதான் நுகர்வுச் சார்பு. கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் எத்தனை காசு செலவாகிறது என்பதைக் கோட்டின் சரிவு சொல்லும். அந்தச் சரிவு எல்லாக் காலத்துக்கும் ஒன்றுதானா?

1970 முதல் 1995 வரையிலான அமெரிக்கக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பொருளாதார அளவியல் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த தாமோதர் குஜராத்தியின் பாடநூலில் உள்ள தரவு இது. அவர் சேமிப்பை வைத்துக் கணக்கிட்டார். வரி போகக் கையில் நிற்கும் வருமானத்திலிருந்து சேமிப்பைக் கழித்தால் மிஞ்சுவது செலவு என்பதால், அதையே நுகர்வுச் சார்பாகத் திருப்பிப் படிக்கலாம். 26 ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டால் சரிவு 0.9624. நூறு டாலர் கூடுதலாக வந்தால் 96 டாலருக்குச் சற்று மேல் செலவாகிறது. செலவின் ஏற்ற இறக்கத்தில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கை வருமானமே விளக்கிவிடுகிறது.

ஏமாறுவது இங்கேதான். வருமானமும் செலவும் ஆண்டுதோறும் சேர்ந்தே வளர்பவை. அதனால் எந்தக் கோடும் அவற்றின் மேல் அழகாகவே உட்காரும். முறிவு இருந்தால் அது கோட்டில் தெரியாது. கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் நடுவே விழும் சிறிய இடைவெளிகளில், அதாவது பிழைகளில், ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவில் 1981 ஜூலை முதல் 1982 நவம்பர் வரை கடும் பொருளாதார மந்தம் நிலவியது. 1982இன் சராசரி வேலையின்மை 9.7 சதவீதம். அதற்கு முன்னும் பின்னும் மக்களின் செலவுப் பழக்கம் ஒன்றுதானா என்று பார்க்க, பொருளாதார நிபுணர் கிரெகரி சௌ 1960இல் வெளியிட்ட சோதனை உதவுகிறது. வழி எளியது. முழுக் காலத்துக்கும் ஒரு கோடு; பிறகு 1970–81க்கு ஒன்று, 1982–95க்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்.

ஒரே கோட்டின் கூட்டுத்தொகை 23,248. தனிக்கோடுகளுக்கு முறையே 1,785, 10,005; சேர்த்தால் 11,790. இரண்டாகப் பிரித்ததும் பிழை பாதியாகிவிட்டது. ஆனால் கோடுகள் கூடினால் பிழை எப்படியும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்தக் குறைவு தற்செயலாக வரக்கூடியதைவிடப் பெரியதா என்பதே கேள்வி. குறைந்த 11,458ஐ, கூடுதலாகப் பயன்படுத்திய இரண்டு எண்களால் (ஒரு தொடக்க அளவு, ஒரு சரிவு) வகுத்தால் 5,729. மிஞ்சிய 11,790ஐ 22ஆல் வகுத்தால் 536. 26 ஆண்டுகளில், இரு கோடுகளுக்கும் செலவான நான்கு எண்கள் போக எஞ்சியது அந்த 22. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 10.69. முறிவே இல்லையென்றால், நூறில் ஐந்து முறை மட்டுமே இந்த எண் 3.44ஐத் தாண்டும். இங்கே அது மூன்று மடங்கு. ஒரே கோடு என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான். சரிவு முதல் காலத்தில் 0.92 என்றும், பின்னதில் 0.985 என்றும் வருகிறது. கூடுதலாக வந்த நூறு டாலரில் எட்டு டாலரைச் சேமித்தவர்கள், பிறகு ஒன்றரை டாலர்தான் சேமித்திருக்கிறார்கள்.

இந்த 3.44 என்ற எல்லை, முறிவு ஆண்டை முன்கூட்டியே வெளிக்காரணத்தால் தெரிந்துகொண்டவருக்கு மட்டும் பொருந்தும். தரவைப் பார்த்து, எங்கே உடைந்தாற்போல் தெரிகிறதோ அங்கே வெட்டுபவர் அதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லா ஆண்டுகளிலும் வெட்டிப் பார்த்து, பெரிய எண்ணைப் பொறுக்கினால் எதுவும் முறிவாகத் தெரியும். ரிச்சர்ட் குவாண்ட் தொடங்கி, 1993இல் டொனால்ட் ஆண்ட்ரூஸ் அட்டவணை அமைத்துத் தந்த முறையில், இரு முனைகளிலும் 15 சதவீத ஆண்டுகளை விட்டுவிட்டு மீதியில் தேடினால், எல்லை ஏறத்தாழ 5.86ஆக உயர்கிறது. 10.69 அதையும் தாண்டுகிறது. ஆனால் பெரிய தரவுக்கென வகுத்த அட்டவணையை 26 ஆண்டுகளுக்குப் பயன்படுத்துகிறோம் என்பது மறக்கலாகாது.

இன்னொரு சிக்கல் கூடுதல் கவனம் கேட்கிறது. இரு காலங்களிலும் பிழைகளின் சிதறல் ஒரே அளவுதான் என்று சௌ சோதனை எடுத்துக்கொள்கிறது. இங்கே அப்படி இல்லை. முதல் காலத்தில் புள்ளிகள் கோட்டிலிருந்து சுமார் 13 பில்லியன் டாலர் விலகின. பின்னதில் 29 பில்லியன். 5 சதவீத அளவுகோலில் இந்த வேறுபாடும் தற்செயலானதல்ல. எனவே இரு காலங்களுக்கும் தனித்தனிச் சிதறலை அனுமதிக்கும் வால்ட் சோதனையால் முடிவைச் சரிபார்ப்பதே முறை. தரவு அந்தந்த ஆண்டு விலையிலேயே இருப்பதால், எழுபதுகளின் விலைவாசி உயர்வும் இந்த எண்களுக்குள் கலந்திருக்கிறது.

முறிந்தது எது என்பதையும் 10.69 சொல்வதில்லை. 1982 முதலான ஆண்டுகளுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்ற மாறியைச் சேர்த்து ஒரே சமன்பாடாகக் கணக்கிட்டால் அது தெரியும். செலவுக் கோட்டின் தொடக்க அளவு 152 பில்லியன் டாலர் இறங்கியிருக்கிறது, சரிவு 0.0655 ஏறியிருக்கிறது. இரண்டு மாற்றங்களும் தத்தம் நியமப் பிழையைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஆனால் பின்காலச் சரிவைத் தனியாகப் பார்த்தால், ஒன்றரை டாலர் என்ற அந்தச் சேமிப்பு பூச்சியத்திலிருந்து உறுதியாக வேறுபடவில்லை.