நன்றிக்கு இரண்டு வரி போதும்

டி.சி. மீட்டிங் முடிந்து அறையை விட்டு வெளியே வரும் ஆய்வு மாணவரிடம் “என்ன சொன்னாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “ஓகே சொல்லிட்டாங்க” என்பார். இரண்டு மணி நேரம் மூன்று பேர் மாறி மாறிப் பேசியிருப்பார்கள். அதில் அவர் மனதில் தங்குவது ஓகே என்ற ஒரு சொல்தான். பயந்துகொண்டே பதில் சொல்பவருக்கு, கேட்ட கேள்வி அரைகுறையாகத்தான் காதில் விழும்.

புள்ளியியல் வாத்தியார் என்ற முறையில், வேறு துறைகளின் டாக்டோரல் கமிட்டிகளில் வெளி உறுப்பினராகப் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். பி.எச்டி.யில் சேர்ந்தவர், இன்ன கேள்வியை இப்படி ஆராயப்போகிறேன் என்று முதலில் ஒரு முன்மொழிவு எழுதிக் குழுவின் முன் பேசி நியாயப்படுத்த வேண்டும். அமெரிக்காவில் இதை ‘புரபோசல் டிஃபென்ஸ்’ என்கிறார்கள். இங்கே சில இடங்களில் டி.சி. என்றும் சில இடங்களில் ஆர்.ஏ.சி. என்றும் பெயர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள், முன்மொழிவைப் பரிசீலித்துத் தலைப்பை முடிவு செய்யும் பொறுப்பை இந்த ஆலோசனைக் குழுவிடம்தான் கொடுக்கின்றன. ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர் அதன் முன் வந்து நிற்கவும் வேண்டும். ஆகவே இன்று கேள்வி கேட்டவர்கள் ஆறு மாதம் கழித்தும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அப்போது “போன தடவை ஒண்ணு சொன்னேனே, என்ன ஆச்சு?” என்பார்கள். என்ன சொன்னோம் என்பது அவர்களுக்கே சரியாக நினைவிருக்காது என்பது வேறு விஷயம்.

இந்த இடைவெளிக்காகத்தான் மீட்டிங் முடிந்த இரண்டு மூன்று நாளில் மாணவர் குழுவுக்கு ஒரு நன்றி மெயில் போடுகிறார். பெரும்பாலான மெயில்களில் நன்றி மட்டுமே இருக்கும். ‘தங்கள் மேலான ஆலோசனைகள் அனைத்தும் கருத்தில் கொள்ளப்படும்’ என்று முடித்துவிடுவார்கள். அப்படி எழுதிய ஒரு மாணவரை எனக்குத் தெரியும். அனைத்தையும் ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆலோசனைகளில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்றரை வருடம் கழித்து, எதைச் செய்திருந்தாலும் ஒருவரிடம் திட்டு வாங்கியே தீரவேண்டிய நிலையில் நின்றார்.

உருப்படியாக எழுதிய மெயில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அந்த மாணவி எடுத்துக்கொண்டது தருமபுரி மாவட்டக் கிராமங்களின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடும், அங்கே வளரும் பிள்ளைகளின் பல் கறையும். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அந்தப் பகுதியின் பாறை அப்படிப்பட்டது, பல கிணறுகளில் அதைத் தாண்டும். அவர் கொண்டுவந்த திட்டம் பார்க்க எளிமையாக இருந்தது. 20 கிராமம், கிராமத்துக்கு 30 பேர், ஆக 12 வயதுப் பிள்ளைகள் 600 பேரின் பல்லைப் பார்ப்பது. அந்தந்த ஊர்க் கிணற்று நீரை ஒரு முறை எடுத்து அளந்து, இரண்டையும் ஒப்பிடுவது.

குழுவில் இருந்த பல் மருத்துவர் அம்மா முதல் கேள்வியிலேயே அஸ்திவாரத்தை ஆட்டிவிட்டார். “நிலைப்பல்லோட எனாமல் பெரும்பாலும் எட்டு வயசுக்குள்ள உருவாகி முடிஞ்சிடும்மா. கறை விழறது அப்பக் குடிச்ச தண்ணியால. நீ அளக்கப்போறது இன்னைக்கு இருக்கிற தண்ணியை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-லயே வந்தாச்சு. இந்தப் பிள்ளைங்க சின்ன வயசுல எதைக் குடிச்சாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?” அறையில் சற்று நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்தது என் முறை. ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள். ஆகவே அவர்கள் பல்லும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். முப்பதாவது பிள்ளையைப் பார்த்துப் புதிதாகத் தெரிந்துகொள்வது கொஞ்சம்தான். இந்த ஒற்றுமையை 0.1 என்று வைத்துக்கொண்டால் 1 + (30 − 1) × 0.1 = 3.9. அறுநூறை 3.9-ஆல் வகுத்தால் சுமார் 154. அதாவது 600 பிள்ளைகளைப் பார்த்தாலும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத 154 பேரைப் பார்த்த பலன்தான் கிடைக்கும். அதே 600 பேரை 40 ஊரில் 15 பேராகப் பிரித்தால் வகுக்கும் எண் 2.4 ஆகிவிடுகிறது, பலன் 250-க்கு ஏறுகிறது. ஊர்களைக் கூட்டு, ஊருக்கு ஆளைக் குறை என்றேன்.

புவியியல் பேராசிரியர் அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்தார். ஒரே கிணற்றில் மழைக்கு முன் ஓர் அளவு, மழைக்குப் பின் வேறு அளவு இருக்கும், ஆகவே ஒவ்வொரு கிணற்றையும் வருடத்தில் நான்கு முறை அளக்க வேண்டும் என்றார். நாற்பது ஊர், நான்கு முறை என்றால் 160 மாதிரிகள். மாணவியிடம் இருந்த பணம் அதற்குப் போதாது. கடைசியில், பல் மருத்துவர் கோப்பை மூடிக்கொண்டே “பிள்ளைங்க யூரின்லயும் ஃப்ளோரைடு பார்த்துடேன்” என்றார்.

இவ்வளவையும் மாணவி எழுதிக்கொள்ளவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய லேப் தோழி எழுதினார். யார் சொன்னது, என்ன சொன்னது, ‘செய்தே ஆக வேண்டும்’ என்றாரா, ‘செய்தால் நன்று’ என்றாரா என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டு வைத்திருந்தார். இந்த மூன்றாவது பத்திதான் பின்னால் பெரிதும் உதவியது. பேசுகிறவரே குறிப்பும் எடுக்க முயன்றால் இரண்டும் கெடும்.

மெயிலை மாணவி முதலில் கைடுக்குத்தான் அனுப்பினார். அதைச் செய்யாதவர்களும் உண்டு. தன் மாணவர் 40 கிராமத்துக்கு ஒப்புக்கொண்டதைக் குழுவுக்குப் போன மெயிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கைடின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கைடு ஒரு வரியை அடித்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் மூவருக்கும் ஒரே மெயிலாகப் போனது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

“மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். செவ்வாய்க்கிழமை என் முன்மொழிவுக்காக இரண்டு மணி நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பல்லில் தெரிவது இன்றைய தண்ணீர் அல்ல என்று அம்மா சுட்டிக்காட்டியது ஆய்வின் அமைப்பையே மாற்றிவிட்டது.

நான் புரிந்துகொண்டதையும் செய்யப்போவதையும் கீழே எழுதியுள்ளேன். பிறந்தது முதல் அதே ஊரில் வளர்ந்த பிள்ளைகளை மட்டும் சேர்ப்பேன். எட்டு வயது வரை வீட்டில் எந்தத் தண்ணீர் குடித்தார்கள், குழாய்த் தண்ணீர் எந்த ஆண்டு வந்தது என்று பெற்றோரிடம் கேட்கும் படிவத்தை அடுத்த மாதம் 15-க்குள் அனுப்புவேன். கிராமங்கள் 20-இலிருந்து 40 ஆகும், ஊருக்கு 15 பிள்ளைகள்.

கிணறுகளை நான்கு முறை அளக்க வேண்டும் என்ற ஆலோசனையும் ஊர்களைக் கூட்டும் ஆலோசனையும் சேர்ந்தால் 160 மாதிரிகள் ஆகின்றன. என் நிதி 100-க்குத்தான் போதும். ஆகவே 40 கிணறுகளையும் மே மாதமும் ஜனவரியும் அளந்து, அவற்றில் 10 திறந்த கிணறுகளை மட்டும் கூடுதலாக இரண்டு முறை அளக்க நினைக்கிறேன். இது போதாது என்றால் தெரிவியுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அது இப்போது உடலுக்குள் போகும் ஃப்ளோரைடைக் காட்டும். என் கேள்வி முன்பு போனதைப் பற்றியது. ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் இதைக் குறிப்பிடுவேன்.

திருத்தங்கள் இருந்தால் 20-ஆம் தேதிக்குள் தெரிவித்தால், நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன் சேர்த்துவிடுவேன்.”

மெயில் அவ்வளவுதான். நன்றி இரண்டே வரி. ஆனாலும் அந்த அம்மா கேட்ட கேள்வியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதால், அது வெறும் சம்பிரதாயம் இல்லை என்று தெரிகிறது. மூவரையும் சமமாகப் புகழ அவர் முயலவில்லை. என் கணக்குக்குத் தனி நன்றி இல்லாததில் எனக்கு வருத்தமும் இல்லை. நாற்பது என்ற எண் அங்கே இருந்தது.

பலரும் தடுமாறுவது கடைசிக்கு முந்திய பத்தியில்தான். பெரியவர் ஒருவர் சொன்னதை மாட்டேன் என்று எழுத நம் மாணவர்களுக்குக் கை வராது. ‘எதிர்காலத்தில் பரிசீலிக்கப்படும்’ என்று மழுப்புவார்கள். ஆறு மாதம் கழித்து அது ‘செய்யவில்லை’ என்ற குற்றமாகத் திரும்பி வரும். இந்த மாணவி காரணத்தை அம்மாவின் கேள்வியிலிருந்தே எடுத்தார். பழைய தண்ணீரைத் தேடு என்று சொன்னவரிடம், இந்தச் சோதனை புதிய தண்ணீரை அல்லவா காட்டுகிறது என்கிறார். தோழியின் மூன்றாவது பத்தியில் இது ‘செய்தால் நன்று’ என்று இருந்ததும் தைரியம் கொடுத்தது. அங்கே ‘செய்தே ஆக வேண்டும்’ என்றிருந்தால் மெயிலில் மறுத்திருக்கக் கூடாது. கைடை அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பேசியிருக்க வேண்டும். கைடு அடித்த வரியும் இங்கேதான் இருந்தது: ‘நேரமின்மையால்’. நேரமில்லை என்றால் நேரம் தருகிறோம் என்பார்கள், உண்மையான காரணத்தை மட்டும் எழுது என்றாராம்.

கிணற்றுப் பத்தியில் இரண்டு பேராசிரியர்களின் ஆலோசனை மோதுகிறது. யார் சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, 160, 100 என்ற எண்களைக் காட்டி, தன் யோசனையைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமே விட்டார். நாற்பதை இருமுறை அளந்தால் 80, பத்துக் கிணறுகளுக்கு இன்னும் இரண்டு முறை என்றால் 20. கையில் இருக்கும் நூறு சரியாகத் தீர்ந்துவிடுகிறது.

அம்மாவிடமிருந்து ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. நான் படிவத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். புவியியல் பேராசிரியர் 19-ஆம் தேதி இரவு போனிலிருந்து அனுப்பிய பதில் எங்கள் எல்லோருக்கும் வந்தது. “பத்துக் கிணறு போதும். ஆனா திறந்த கிணறுன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. ஊர்ல குடிக்கிறது போர் தண்ணி. போரைத்தான் சொன்னேன்.”

மாணவியும் தோழியும் மறுநாள் குறிப்பை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ‘கிணறு’ என்று மட்டும்தான் இருந்தது. பத்து ஊர்களிலும் எந்த போர்வெல்லிலிருந்து குடிக்கிறார்கள் என்று விசாரிக்க அந்த வாரமே தருமபுரிக்கு பஸ் ஏறினார்கள்.